பேசி முடித்தவருக்கு மூன்று நிமிடம்

டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றக் கூட்டங்களில் ஒருவர் ஐந்திலிருந்து ஏழு நிமிடம் பேசி அமர்வார். பிறகு இன்னோர் உறுப்பினர் எழுந்து அந்தப் பேச்சை மதிப்பிடுவார். அவருக்கு உள்ள நேரம் இரண்டிலிருந்து மூன்று நிமிடம். இரண்டாவது நிமிடத்தில் பச்சை விளக்கு, இரண்டரையில் மஞ்சள், மூன்றில் சிவப்பு. 1924-இல் அமெரிக்காவின் சான்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்த அமைப்பில் பாடம் நடத்தத் தனி ஆசிரியர் கிடையாது. உறுப்பினர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுச் சொல்வதுதான் பயிற்சி. அதனால் அந்த மூன்று நிமிடம் வீணானால், பேசியவர் தயாரிப்புக்குச் செலவிட்ட நாட்களும் பாதி வீண்.

பெரும்பாலும் அது இரண்டு விதமாக வீணாகிறது. “அருமை, குரல் நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் தன்னம்பிக்கை வேண்டும்” என்று எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிறாற்போலச் சொல்வது ஒன்று. எட்டுக் குறைகளைப் பட்டியல் போட்டு வாசிப்பது மற்றொன்று. முதலாவது கேட்க இதமாக இருக்கும். ஆனால் வீட்டுக்குப் போய் அவர் எதை மாற்றுவார்?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் இல்லத்தரசி சமையல் எரிவாயு சிலிண்டரின் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் பட்டை ஒன்றின் உட்பக்கத்தில் ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ‘பி 27’ என்றிருந்தால் 2027 ஏப்ரல் முதல் ஜூன் வரையான காலாண்டில் அதற்கு மறுசோதனை வர வேண்டும் என்று பொருள். அதுதான் அவர் பேச்சின் உயிர்.

நல்ல மதிப்பீட்டாளரின் வேலை, கூட்டம் கூடும் முன்பே தொடங்கிவிடும். “இந்தத் தடவை நான் எதைக் கவனிக்கணும்?” என்று அவர் தொலைபேசியில் கேட்டிருப்பார். “போன தடவை தாளைப் பார்த்தே படிச்சிட்டேன். இப்ப சபையைப் பார்த்துப் பேசணும்” என்று பதில் வந்திருக்கும். பேச்சின்போது அவர் தாளின் நடுவே ஒரு கோடு போட்டுக்கொள்கிறார். இடப்பக்கம் பேச்சாளர் செய்தது. வலப்பக்கம் அந்த நொடியில் தனக்கும் சபைக்கும் நேர்ந்தது. பலர் இடப்பக்கத்தை மட்டும் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால், வலப்பக்கத்தில்தான் மதிப்பீடே இருக்கிறது. தாளின் குறிப்பு இப்படி: ‘பக்கத்து வீட்டில் வாயு கசிந்த கதை, தாளைப் பார்க்கவில்லை, பின்வரிசையும் நிமிர்ந்தது.’ ‘பி 27 சொல்லும்போது தலை குனிந்தது, குரல் இறங்கியது, எழுத்தா எண்ணா என்று எனக்குக் குழப்பம்.’

இனி மேடை. அவர் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“பக்கத்து வீட்டுக் கதையை நீங்க சொன்னப்போ ஒரு தடவைகூடக் கையிலிருந்த தாளைப் பார்க்கலை. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டேன். போன தடவை உங்களுக்கு வராதது இந்தத் தடவை வந்துடுச்சு. அதே மாதிரி ‘பி 27’ங்கிற இடத்தையும் சொல்லுங்க. அங்க நீங்க குனிஞ்சுட்டதால அது என் காதுல சரியா விழலை. இப்படிச் செஞ்சு பாருங்க: ‘அந்தப் பட்டையில இருக்கும்... பி... இருபத்தேழு.’ சொல்லிட்டு ரெண்டு நொடி நிறுத்துங்க. சபை அதை எழுதிக்கட்டும்.”

இதில் பரிந்துரை ஒன்றே ஒன்று. அதையும் அவர் செய்தே காட்டிவிட்டார். ‘நீங்கள் மெதுவாகப் பேசுகிறீர்கள்’ என்று தீர்ப்புச் சொல்லாமல் ‘என் காதில் விழவில்லை’ என்றதால் பேசியவர் மறுத்து வாதாட வேண்டியதில்லை. கேட்டவருக்கு நேர்ந்ததை யார் மறுப்பது? பாராட்டும் தேன் தடவலாக நிற்கவில்லை. கதையில் அவருக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்றைத்தான் எண்ணுக்கும் கொண்டுவரச் சொல்கிறார். அது அவரால் முடியும் என்பதற்கு அவர் பேச்சே சாட்சி.

மன்றத்தின் மதிப்பீட்டுப் போட்டிகளிலும் இதே கணக்குதான். ஒரே பேச்சைக் கேட்ட போட்டியாளர்கள் வெளியே போய் ஐந்து நிமிடத்தில் குறிப்பைத் தயார் செய்து, ஒருவர் பின் ஒருவராக வந்து மதிப்பிடுவார்கள். நடுவர் தாளில் நூற்றுக்கு 40 பகுப்பாய்வுக்கு, 30 பரிந்துரைகளுக்கு. மதிப்பீட்டாளர் எப்படி எடுத்துச் சொன்னார் என்பதற்கு 15, முடிவுரைக்கு 15. சொல்வன்மையை மட்டும் நம்பி வருபவர் இங்கே வெல்ல முடியாது.

மிஞ்சிய குறிப்புகளை என்ன செய்வது? பேச்சின் நீளம், வந்த புள்ளியையே மீண்டும் சொன்னது போன்றவை எழுத்துப் படிவத்துக்குப் போகட்டும். சிலிண்டர் பற்றிய அவர் கருத்தோடு உங்களுக்கு உடன்பாடில்லை என்பதற்கு இங்கே இடமே இல்லை. உச்சரிப்பில் ஊர் வாடை அடிப்பதும் குறையல்ல. அவர் நொடிக்கொரு தரம் முந்தானையைச் சரிசெய்தது உறுத்தியிருந்தால், கூட்டம் கலைந்து தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரத்தில், மெல்லச் சொல்லுங்கள்.