படுத்தால் ஊரும் கால்கள்

படுத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல ஒரு குடைச்சல் கிளம்பும். வலி என்று சொல்ல முடியாது. ஆனால் காலை ஆட்டாமலும் இருக்க முடியாது. எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் மறுபடி தொடங்கும். தசைப்பிடிப்பு வேறு: அதில் சதை கல்லாக இறுகி உயிர் போகிற வலி இருக்கும்.

கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில், இந்தத் தொல்லை வருகிறது. ‘வயிற்றுப் பாரம், அப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். பாரத்தைவிட இரும்புச்சத்தைச் சந்தேகிப்பது நல்லது. கை கால் அசைவைச் சீராக வைக்கும் டோபமின் என்ற பொருளை மூளை தயாரிக்க இரும்பு வேண்டும். குழந்தையும் நஞ்சுக்கொடியும் தாயின் இரும்புக் கையிருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஹார்மோன் மாற்றமும் குடும்பவாகும்கூடக் காரணமாகலாம். ஆனால் எளிதில் சரிசெய்யக்கூடியது இரும்புக் குறைவுதான்.

ஏழாம் மாதத்தில் ஒருவர் இந்தக் குடைச்சலோடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 11.2. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பதால், ‘ரத்தம் நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிடுவார்கள். அவருக்கே ஃபெரிட்டின் பார்த்தால் 14 இருக்கலாம். ஹீமோகுளோபின் ரத்தத்தில் ஓடுகிற இரும்பைக் காட்டுவது. ஃபெரிட்டின் உடல் சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுவது. சேமிப்பு கரைந்து முடிகிற கட்டத்தில்தான் ஹீமோகுளோபின் இறங்கும், கால் அதற்கு முன்பே தொல்லை தரத் தொடங்கிவிடும். இந்தத் தொல்லை உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது நிபுணர்களின் பரிந்துரை. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

‘தினமும் சத்து மாத்திரை போடுகிறேனே’ என்பார் அவர். எதோடு போடுகிறார் என்று கேட்டால் விஷயம் வெளிவரும். காபி, டீ, பால், கூடவே கொடுத்த கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுப்பவை. இரும்பு மாத்திரைக்கும் இவற்றுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு நிறுத்த வேண்டியதில்லை. கையிருப்பு நிரம்பச் சில வாரங்கள் பிடிக்கும், இரண்டு நாளில் பலன் தெரியாது. மாத்திரை ஒத்துவராமல் அளவும் மிகக் குறைவாக இருந்தால், முதல் மூன்று மாதங்களுக்குப்பின் மருத்துவர் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவார்.

வாந்திக்கும் சளிக்கும் தரும் சில மாத்திரைகள், குறிப்பாகத் தூக்கம் வரவழைப்பவை, குடைச்சலை அதிகப்படுத்தும். அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு எடுத்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பெரும்பாலோருக்குப் பிரசவமான சில வாரங்களில் குடைச்சல் நின்றுவிடும். அடுத்த கர்ப்பத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், அதற்குத் திட்டமிடும்போதே ஃபெரிட்டின் பார்த்துக்கொள்ளலாம்.