சுவடித் திட்டம் ஏன் தாமதமானது? நிதி தந்தவருக்கு எழுத வேண்டிய பதில்

பழைய மடம் ஒன்றின் பூசை அறைக்குப் பக்கத்தில் மர அலமாரி இருக்கிறது. அதில் துணியில் சுற்றிய ஓலைக் கட்டுகள். ஆகமம், பூசைப் பத்ததி, தல புராணம், இடையிடையே வைத்தியமும் சோதிடமும். பெரும்பாலானவை கிரந்த எழுத்தில், சில தமிழில். இவற்றைப் படம் எடுத்து, பட்டியலிட்டு, ஆய்வாளர்கள் பார்க்கும்படி வைக்க ஒரு குழு ஓராண்டுக்கு நிதி வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் ஓடிவிட்டது. நிதி கொடுத்த அமைப்பு இடைக்கால அறிக்கை கேட்கிறது. வேலையோ பாதியை எட்டவில்லை.

இது அரிதாக நடப்பதல்ல. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. அங்கும் அதன் சகோதர நிறுவனத்திலுமாகச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அந்தத் தொகுப்பு உருவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணத் திட்டம், மூலச் சுவடிகளை அந்தந்த ஊரிலேயே விட்டுவிட்டுப் படங்களை மட்டும் வாங்கிக்கொள்கிறது. இத்தகைய திட்டங்களில் ஓலையைத் தொடும் வேலை முழுவதும் சுவடி இருக்கும் இடத்தில், அந்த இடத்தின் வசதிக்கும் வழக்கத்துக்கும் ஏற்றபடிதான் நடக்கும். தாமதத்தின் விதை அங்கேயே இருக்கிறது.

அறிக்கையில் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது மழை. அடுத்தது அனுமதி. இரண்டும் பொய்யல்ல. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறும்போது ஓலையும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது கட்டைப் பிரித்தால் பூஞ்சை பரவும், ஒட்டியிருக்கும் ஏடுகள் பிரிக்கையில் கிழியும். அனுமதி விஷயமோ இன்னும் நுட்பமானது. மடத்தின் தலைவர் வாயால் சம்மதிப்பார். ஆனால் அலமாரிச் சாவி காரியஸ்தரிடம் இருக்கும். குடும்பச் சுவடியானால் மூத்தவர் சரி என்பார், வெளியூரில் இருக்கும் தம்பியின் கையெழுத்தும் வேண்டும். வீட்டில் இறப்பு நேர்ந்தால் தீட்டுக் கழியும் வரை பூசை அறையைத் திறக்க மாட்டார்கள். மார்கழியிலும் பெருந்திருவிழா நாட்களிலும் வெளியாட்கள் உள்ளே இருந்து வேலை பார்க்க முடியாது. படம் எடுக்கத் தரும் அனுமதியும் இணையத்தில் வெளியிடத் தரும் அனுமதியும் வேறு வேறு என்பதைப் பல குழுக்கள் பாதி வழியில்தான் கண்டுகொள்கின்றன. தீட்சை பெற்றவர்கள் மட்டுமே ஓதவேண்டிய நூல் என்று மடம் கருதுவதைப் படம் எடுக்கலாம், ஆனால் எல்லோர் கண்ணுக்கும் வைக்கக் கூடாது என்பார்கள். அவர்கள் அப்படிச் சொல்ல முழு உரிமை உண்டு.

ஆனால் மழையும் மார்கழியும் ஆண்டுதோறும் வருபவை. விண்ணப்பம் எழுதும்போதே நாட்காட்டியில் இருந்தவை. அவற்றைத் தாமதத்துக்குக் காரணமாகக் காட்டினால், திட்டம் போடும்போது அவை கணக்கில் வரவில்லை என்றுதான் பொருள். நிதி அமைப்பில் பத்து அறிக்கை படித்தவருக்கு இது உடனே தெரிந்துவிடும்.

சரியான காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுவடித் திட்டத்தில் எண்ணத்தக்க அலகு படம். ஓர் ஏட்டுக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நம் கற்பனைக் குழுவின் விண்ணப்பம் இப்படி இருந்தது: 300 கட்டுகள், கட்டுக்குச் சராசரி 120 ஏடுகள், ஆக 72,000 படங்கள். ஒரு கேமரா, நாளுக்கு 400 படம். 180 நாள் வேலை. முதல் ஆறு மாதத்தில் 90 நாள் படம் எடுத்திருந்தால் 36,000 கைக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 17,500. குறைவு 18,500.

குழு உண்மையில் எத்தனை நாள் வேலை செய்தது? 70. அனுமதிக் கடிதம் வரத் தாமதமானதால் 12 நாள், மழையால் 8 நாள் போயின. இழந்த 20 நாளை 400ஆல் பெருக்கினால் 8,000 படம். மீதி 10,500 எங்கே போயிற்று? வேலை செய்த 70 நாளிலும் குழு நாளுக்கு 400 அல்ல, 250தான் எடுத்திருக்கிறது. 150 வீதம் 70 நாள் என்றால் சரியாக 10,500. மழையையும் அனுமதியையும் மட்டும் எழுதிய அறிக்கை குறைவில் பாதியைக்கூட விளக்கவில்லை.

ஏன் 250? மேசையருகே போய் நின்றால் தெரியும். கட்டின் துணியை அவிழ்க்கிறார்கள். இரு பக்கமும் காவலாக உள்ள மரச்சட்டங்களை எடுத்து, ஏடுகளின் துளை வழியே ஓடும் கயிற்றை மெதுவாக உருவுகிறார்கள். கயிறு நைந்திருந்தால் துளையோரம் ஓலை பிய்ந்துவரும். மென்மையான தூரிகையால் தூசும் பூச்சி எச்சமும் தட்டப்படுகின்றன. பிறகு ஒவ்வோர் ஏடாக, அளவுகோலும் வண்ண அட்டையும் பக்கத்தில் வைத்துக் கேமராவின் கீழே கிடத்த வேண்டும். எழுத்தாணியால் கீறிய எழுத்தில் மை தேய்ந்துபோயிருந்தால் ஓலையின் நிறத்தில் எழுத்து கரைந்துவிடும். விளக்கைச் சாய்த்துப் பக்கவாட்டு ஒளியில் மறுபடி எடுக்க வேண்டும். ஏட்டெண் தமிழ் எண்ணில் இருக்கும். 47க்கு அடுத்து 52 வந்தால், நடுவில் உள்ளவை தொலைந்தனவா அல்லது வேறு கட்டில் கலந்தனவா என்று பார்க்க வேண்டும். ஒரே கட்டில் மூன்று நூல் இருப்பதும் சகஜம். இத்தனைக்கும் சேர்த்து ஒரு நாளில் 400 என்பது நன்றாகப் பேணிய சுவடிக்கு மட்டுமே நடக்கும் கணக்கு.

அந்த 400 எங்கிருந்து வந்தது என்றால், விண்ணப்பத்துக்கு முன் குழு மாதிரியாகப் பார்த்த கட்டுகளிலிருந்து. மடத்தார் அன்போடு எடுத்துக் காட்டியவை மேல்தட்டில் இருந்த நல்ல கட்டுகள். கரையான் அரித்தவை கீழ்த்தட்டில் இருந்தன. அவை தடிமனாகவும் இருந்தன. இப்போது எண்ணிப் பார்த்தால் சராசரி 120 ஏடு அல்ல, 190. மொத்தம் 1,14,000 படம்.

நேர்மைக்கு உண்மையான சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. பழைய 72,000ஐ வைத்துச் சொன்னால் 17,500 என்பது 24 விழுக்காடு. புதிய மொத்தத்தை வைத்தால் 15 விழுக்காடு. முதல் எண்ணும் கணக்குப்படி தவறல்ல. ஆனால் அதை எழுதியவர் இறுதி அறிக்கையில் எப்படியும் மாட்டிக்கொள்வார். நிதி அமைப்பு செலவுக் கணக்கையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்கிறது. சம்பளமும் வாடகையும் மாதா மாதம் போயிருக்கும். பணத்தில் 45 விழுக்காடு செலவாகி வேலையில் 15 முடிந்திருக்கிறது என்ற உண்மையை முதல் பக்கத்திலேயே குழு சொல்லிவிடுவது நல்லது.

அறிக்கையின் அந்தப் பத்தியை இப்படி எழுதலாம்: “திட்டமிட்ட 36,000 படங்களில் 17,500 எடுத்துள்ளோம். குறைவில் 8,000 நாள் இழப்பால் வந்தது, 10,500 வேகம் குறைந்ததால் வந்தது. எங்கள் மாதிரிக் கட்டுகள் முழுத் தொகுப்பின் நிலையைக் காட்டவில்லை. மொத்தம் 1,14,000 ஆகும் என இப்போது மதிப்பிடுகிறோம்.” இதற்கு மேல் வருத்தம் தெரிவிக்கும் வரிகள் தேவையில்லை.

சில காரணங்களைக் குழு முன்கூட்டி அறிந்திருக்கவே முடியாது. அவற்றைத் தனியாக, தேதியோடு எழுத வேண்டும். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டுப் பணம் பெறும் அமைப்புகள் எல்லாம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்குத் திறக்க வேண்டியதாயிற்று. பெற்ற பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் தடை செய்யப்பட்டது. நகரத்து ஆய்வு நிறுவனம் பணம் வாங்கி, கோயில் ஊரில் இருக்கும் சிறு அறக்கட்டளைக்குப் பங்கு கொடுத்து வேலை செய்யும் ஏற்பாடு அத்தோடு நின்றது. வெளிநாட்டில் இருக்கும் நிதி அதிகாரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சட்டத்தின் பெயரும் நாளும் இருந்தால் அவரே சரிபார்த்துக்கொள்வார். தடங்கல் நிதி தரும் பக்கமிருந்தும் வரலாம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தன.

தாமதத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாக்கடல் சுருள்களைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1947இல் கும்ரான் குகைகளில் கிடைக்கத் தொடங்கிய யூத சமயச் சுவடிகள் அவை. 1952இல் கண்ட நான்காம் குகையில் மட்டும் ஆயிரக்கணக்கான துண்டுகள் இருந்தன. அவற்றைச் சேர்த்துப் பதிப்பிக்கும் பொறுப்பு ஒரு சிறு குழுவிடம் போயிற்று. ராக்பெல்லர் குடும்பத்தின் பணம் சில ஆண்டுகள் அவர்களைத் தாங்கியது, 1960இல் அது நின்றது. துண்டுகள் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம், ஆட்கள் மிகக் குறைவு. இதை ஒப்புக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுக்காமல், தங்களுக்கு ஒதுக்கிய துண்டுகளை அவர்கள் பல பத்தாண்டுகள் பிறர் காணாமல் வைத்திருந்தார்கள். 1990இல் இமானுவேல் டோவ் தலைமைப் பதிப்பாசிரியரானார், குழுவைப் பல மடங்கு பெருக்கினார். 1991இல் கலிபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகம் தன்னிடமிருந்த படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன் பிறகு தொகுதிகள் விரைந்து வெளிவந்தன. வேலை கடினம் என்பது முதல் சில ஆண்டுகளிலேயே தெரிந்திருந்தது. ஆட்களைக் கூட்டும் முடிவுக்குத்தான் இத்தனை காலம் பிடித்தது.

ஆகவே இடைக்கால அறிக்கையின் கடைசிப் பகுதி, நிதி அமைப்பு முடிவு செய்யும்படி வழிகளை முன்வைக்க வேண்டும். நம் குழுவிடம் மீதி 96,500 படம் இருக்கிறது. இன்னொரு கேமராவும் இரண்டு பேரும் சேர்ந்தால் நாளுக்கு 500. அப்போது 193 நாள் போதும், ஆனால் கூடுதல் பணம் வேண்டும். பணம் கூட்ட முடியாதென்றால் கால நீட்டிப்பு கேட்கலாம், ஆனால் ஒரே கேமராவில் 386 நாள் ஆகும். அதற்கும் சம்பளம் உண்டு, கையிருப்பு அதுவரை தாங்காது. மூன்றாவது வழி, எண்ணிக்கையைக் குறைத்து எது முதலில் என்று தேர்வது. அரித்துக்கொண்டிருக்கும் கீழ்த்தட்டுக் கட்டுகளையும் வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களையும் முதலில் எடுத்துவிட்டு, அச்சில் வந்த நூல்களைப் பின்னுக்குத் தள்ளலாம். மூன்றில் இதுவே பல இடங்களில் பொருத்தமாக இருக்கும். ஆனால் எது அச்சில் வந்தது என்று சொல்லக் கிரந்தம் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் சிலரே. அவருக்கான சம்பளமும் புதிய திட்டத்தில் ஒரு வரியாக ஏறவேண்டும்.

இன்னொரு பிரதி மடத்துக்கும் போகவேண்டும், தமிழில். அனுமதி தாமதமானதை எழுதும் வரியை மடத்தார் படிப்பார்கள் என்ற நினைவோடு எழுதினால், “மடம் ஒத்துழைக்கவில்லை” என்று அதில் வராது. “எழுத்து அனுமதி திட்டமிட்டதைவிட 12 வேலைநாள் தாமதமாகக் கிடைத்தது. இணைய வெளியீட்டுக்கான நிபந்தனைகளைப் பேசி முடிக்க அந்தக் காலம் தேவைப்பட்டது” என்று வரும். எத்தனை கட்டுகள் படம் எடுக்க மட்டும், எத்தனை வெளியிடவும் என்ற இரண்டு எண்ணிக்கையும் அடுத்த வரியில் இருக்க வேண்டும். அவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் அந்த அலமாரிச் சாவியை வைத்திருக்கும் காரியஸ்தர்.