மண்டிச் சீட்டில் கரையும் கிலோக்கள்

திண்டுக்கல் பக்கத்து விவசாயி ஒருவர் 20 மூட்டை சின்ன வெங்காயத்தைக் கமிஷன் மண்டியில் இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடவு நேரத்தில் விதைக்கும் ஆள்கூலிக்குமாக அதே மண்டியில் 30,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார். விற்று முடிந்ததும் அவர் கைக்கு வருவது 14,380 ரூபாயும் ஒரு துண்டுச் சீட்டும். அந்தத் தொகை சரியா, தவறா என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதை எழுதிய விதத்தைப் பொறுத்தது.

முதலில் எடை. சாக்கோடு நிறுத்தபோது மொத்தம் 1,020 கிலோ. சாக்குக்கு ஒரு கிலோ வீதம் 20 போனால் வெங்காயம் 1,000 கிலோ. இதற்கு மேல் மண், சருகு, அழுகல் என்று மூட்டைக்கு 2 கிலோ கழிவு பிடித்தால் மிஞ்சுவது 960. சாக்கு எடை உண்மையான எடை. ஒரு காலிச் சாக்கைத் தராசில் போட்டால் தெரிந்துவிடும். கழிவு அப்படியில்லை, அது பேசி வைத்த வழக்கம். நன்றாகக் காயவைத்துப் புடைத்துக் கொண்டுவந்த சரக்குக்கும் அதே 2 கிலோதான். இந்த மூன்று எண்களையும் எழுதாமல் ‘960 கிலோ’ என்று மட்டும் சீட்டில் போட்டுவிட்டால், 40 கிலோ போன தடமே இருக்காது. தராசு 51.700 காட்டும்போது 51 என்று எழுதுகிற பழக்கமும் உண்டு. மூட்டைக்கு அரைக் கிலோ அப்படிப் போனாலும் 20 மூட்டைக்கு 10 கிலோ. அதனால் மொத்தத்தை மட்டும் குறிக்காமல், மூட்டை மூட்டையாக எடையை எழுதி, நிறுத்த இடத்திலேயே நகலை விவசாயியிடம் கொடுப்பதுதான் முறை.

அடுத்தது விலை. 600 கிலோ பெருவெட்டு 32 ரூபாய்க்கும், 360 கிலோ பொடி 25 ரூபாய்க்கும் போகிறது. 19,200-உம் 9,000-உம் சேர்த்து 28,200. இரண்டு விலைக்கும் நடுவில் 28.50 என்று ஒரே விலையாகப் போட்டால் 27,360தான் வரும். 840 ரூபாய் சத்தமில்லாமல் குறையும். ஏலம் போன விலைகளைத் தனித்தனி வரியாக எழுதினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

பிறகு ரூபாய்ப் பிடித்தங்கள். நூற்றுக்குப் பத்து கமிஷன் 2,820, இறக்குக்கூலி 200, மண்டி கொடுத்த வண்டி வாடகை 800. மொத்தம் 3,820 போக 24,380. சில இடங்களில் மகமை என்று ஒரு சிறு தொகையும் சேரும். கிலோவில் போன கழிவு இந்தப் பட்டியலில் வராது. சராசரி விலையில் அந்த 40 கிலோவின் மதிப்பு 1,175 ரூபாய். அதையும் கமிஷனையும் கூட்டி, 1,000 கிலோவின் முழு மதிப்போடு ஒப்பிட்டால், பத்து சதவீதம் என்று சொன்னது ஏறத்தாழ 13.6 சதவீதமாக நிற்கிறது.

அந்தக் கழிவு யாருக்குப் போனது என்பதை மண்டியின் விற்பனைப் பேரேடு காட்டிக்கொடுக்கும். வாங்கும் வியாபாரிக்கும் அதே கழிவைத் தள்ளிக் கொடுத்திருந்தால், அவர் பட்டியலிலும் 960 கிலோதான் இருக்கும். அங்கே 985 என்றிருந்தால், 25 கிலோவின் பணம் மண்டியிலேயே தங்கியிருக்கிறது. விவசாயிக்கு அந்தப் பேரேடு கண்ணில் படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

நேர்மையாகக் கணக்கு வைக்க நினைக்கும் மண்டிக்காரரும் ஒன்றில் சறுக்குவதுண்டு. கமிஷனுக்கு விற்கும்போது வெங்காயம் விவசாயியுடையது. மண்டிக்கு வருமானம் 2,820 மட்டுமே. 28,200-ஐயும் தன் விற்பனையாக எழுதினால், லாபமும் பாக்கியும் ஒன்றோடொன்று குழம்பும். விலை பேசிச் சொந்தமாக வாங்கி விற்றால் கணக்கே வேறு.

முன்பணம் இன்னொரு தனிக் கதை. அது செலவும் இல்லை, பிடித்தமும் இல்லை, கொடுத்த கடன். 24,380-இல் 10,000 ரூபாயைக் கடனில் வரவு வைத்துவிட்டு, மீதி 14,380-ஐக் கையில் கொடுக்கிறார்கள். கூலி, வாடகையோடு இதையும் ஒரே வரிசையில் எழுதினால், விவசாயி தன் வெங்காயத்துக்குக் கிடைத்ததே 14,380 என்று நினைத்துக்கொள்வார். அடுத்த நடையில் எவ்வளவு கடன் நிற்கிறது என்பதிலும் சண்டை வரும். விற்பனைக் கணக்கை 24,380-இல் கோடு போட்டு முடித்துவிட்டு, அதன் கீழே ‘முன்பணம் 30,000, வரவு 10,000, நிலுவை 20,000’ என்று எழுத வேண்டும். பேரேட்டில் அவர் பெயருக்குரிய பக்கத்திலும் அதே நிலுவை இருக்க வேண்டும்.

இந்தக் கடனுக்கு வட்டி கிடையாது என்பார்கள். ஆனால் நிலுவை தீரும்வரை சரக்கு வேறு மண்டிக்குப் போகக்கூடாது என்பது எழுதாத நிபந்தனை. தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. கட்டணம் வாங்கும் வியாபாரியிடம்தான். 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் முதல் கூடம் திருப்பூரில் 1936-இல் திறந்தது. 20,000 ரூபாய் நிலுவை உள்ளவருக்கு அந்தக் கதவு திறந்திருந்தும், வண்டி பழைய மண்டிக்குத்தான் திரும்புகிறது.