ஏர்பேக் விரிந்தால் ஏறும் பில்

முன்பக்க மோதலில் ஏர்பேக் விரிந்துவிட்டால் பம்பரை மாற்றுவதோடு வேலை முடியாது. விரிந்த பையை மறுபடி மடித்து வைக்க முடியாது. முழு யூனிட்டையும் மாற்ற வேண்டும். அதோடு சீட் பெல்ட்டை இறுக்கும் கருவி, கட்டுப்பாட்டு யூனிட், பை கிழித்துக்கொண்டு வந்த டேஷ்போர்டு ஆகியவையும் பெரும்பாலும் மாறும். கண்ணாடியில் கேமரா இருந்தால், புதுக் கண்ணாடி பொருத்திய பின் அதன் பார்வைக் கோணத்தைக் கருவி வைத்துச் சரிசெய்வது தனிச் செலவு.

இந்தியாவின் வழக்கமான முழுக் காப்பீட்டில், கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ஆனால் ஏர்பேக், பிளாஸ்டிக் பாகங்களுக்கு, கார் புதிதானாலும், 50 சதவீதம் கழிப்பார்கள். ஏர்பேக் பில் 60,000 ரூபாய் என்றால் 30,000 உங்கள் பொறுப்பு. கட்டுப்பாட்டு யூனிட் போன்ற மற்றப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்துக் கழிவு. மூன்றரை வயதுக் காருக்கு 25 சதவீதம். ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ எடுத்திருந்தால் பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு இந்தக் கழிவுகள் நீங்கும். விபத்தின்றித் தானாகப் பழுதான சென்சாருக்கு இரண்டிலும் பணம் கிடைக்காது.

காரை எடுக்கும்போது சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டாலும், எரியவே இல்லையென்றாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.