மின்னஞ்சலில் செல்லாத ராஜினாமா

ஜெர்மனியில் மென்பொருள் எழுதுபவருக்கு நாள் முழுக்கக் கணினியோடுதான் பிழைப்பு. வேலையை விடும்போது மட்டும் தாளும் பேனாவும் தேவைப்படும். வேலை ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் தாளில், கைப்பட இட்ட கையெழுத்தோடு இருக்க வேண்டும், மின்னணு வடிவம் ஆகாது என்கிறது அந்நாட்டுச் சிவில் சட்டத்தின் 623-வது பிரிவு. மின்னஞ்சல், வாட்ஸ்அப், கையெழுத்திட்டு ஸ்கேன் செய்த பி.டி.எஃப். எதுவும் செல்லாது. ஊழியரை நிறுத்தும் முதலாளிக்கும் இதே விதிதான்.

கடிதம் நாலு வரி போதும். "தங்களிடம் நான் செய்யும் வேலையை செப்டம்பர் 30-உடன் முடித்துக்கொள்கிறேன், அது இயலாதெனில் சட்டப்படி அடுத்து வரும் தேதியில் முடித்துக்கொள்கிறேன்." காரணம் சொல்லத் தேவையில்லை. நம் ஊர்க் கடிதங்களில் வரும் 'ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்' அங்கே வேண்டாத வேலை. யாருடைய ஒப்புதலும் இல்லாமலே, கடிதம் போய்ச் சேர்ந்ததும் அது நடப்புக்கு வந்துவிடும்.

போய்ச் சேரும் நாளில்தான் சிக்கலே. பெர்லினில் வேலை பார்க்கும் ஒருவரின் ஒப்பந்தத்தில் 'மூன்று மாத அறிவிப்பு, காலாண்டு முடிவில்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 30-இல் விலக, கடிதம் ஜூன் 30-க்குள் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். ஜூன் 28 என்று தேதி போட்டிருந்தாலும், ஜூலை 1-இல் சேர்ந்தால் அடுத்த காலாண்டு முடிவான டிசம்பர் 31 வரை வேலை பார்க்க வேண்டியதுதான். ஒரு நாள் பிந்தினால் மூன்று மாதம் போச்சு! ஜூன் 30 ஞாயிறாக இருந்தாலும் ஒரு நாள் கூடக் கிடைக்காது. மேலே சொன்ன இரண்டாவது வாக்கியம் இதற்காகத்தான்: தேதி தவறினாலும் கடிதம் வீணாகாது.

ஒப்பந்தத்தில் தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால் சட்டப்படி நான்கு வாரம். விலகும் நாள் மாதத்தின் 15 ஆகவோ கடைசி நாளாகவோ இருக்கும். நான்கு வாரம் என்றால் 28 நாள், ஒரு மாதம் அல்ல. ஆறு மாதம் வரையிலான தகுதிகாண் காலத்தில் பொதுவாக இரண்டே வாரம்.

கடிதத்தை நேரில் கொடுத்து, இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்து வாங்குவது நல்லது. பதிவுத் தபாலை மட்டும் நம்பக் கூடாது. அனுப்பிய ரசீதும் இணையத்தில் காட்டும் நிலவரமும் கடிதம் சேர்ந்ததற்குப் போதிய சான்றல்ல என்று 2025-இல் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முன்கூட்டியே முடிவது தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். அது உங்கள் பொறுப்பு.