டிஜிட்டல் திறனை அளக்கும் கேள்விகள்
டிஜிட்டல் திறன் உண்டா என்று கேட்டால் வாட்ஸ்அப்பில் படம் பார்ப்பவரும் ‘ஆம்’ என்பார், நிரல் எழுதுபவரும் ‘ஆம்’ என்பார். அந்த இரண்டு ‘ஆம்’களையும் கூட்டிச் சதவீதம் போடுவது வீண்வேலை. அதனால் ஆய்வாளர் முதலில் எந்தச் செயலைச் செய்தவரைத் திறனுடையவர் என்று கணக்கிடுவது என முடிவு செய்கிறார். இதுவே செயல்பாட்டு வரையறை.

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 4.4.1 என்ற குறியீடு இப்படித்தான் அமைந்தது. அதற்கான கேள்விகள் செயல்களைப் பற்றியவை: கடந்த 3 மாதங்களில் கோப்பு இணைத்து மின்னஞ்சல் அனுப்பினீர்களா? எக்செல் போன்ற விரிதாளில் கணக்குச் சூத்திரம் பயன்படுத்தினீர்களா? செயலும் காலமும் தெளிவாக இருப்பதால் எல்லோரும் ஒரே விஷயத்துக்குப் பதில் சொல்கிறார்கள். ‘அடிக்கடி’ என்று கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவை நினைத்திருப்பார்கள்.

ஆனால் இந்த வரையறை செய்ததை அளக்கிறது, செய்யத் தெரிந்ததை அல்ல. ஓய்வுபெற்ற கணக்காளருக்கு விரிதாள் அத்துப்படியாக இருக்கலாம். 3 மாதமாகத் தேவைப்படவில்லை என்றால் ‘இல்லை’ என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார். குடும்பத்தினருக்காக ஒருவரே பதில் சொல்லும்போது பிழை இன்னும் கூடும். சிலரிடம் அதே செயலை நேரில் செய்யச் சொல்லி, அவர்கள் சொன்ன பதிலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும்.