கத்தி வைக்கும் முன் ஒரு பெயர்

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவை சிகிச்சைக்காக ஒரு பக்கச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 வரிகள் உண்டு. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலில் கத்தி வைக்கும் முன், நோயாளி அறையை விட்டுப் போகும் முன் என்று மூன்று இடங்களில் எல்லோரும் கையை நிறுத்தி அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சரியான நோயாளியா, சரியான பக்கமா, துணி, ஊசி எண்ணிக்கை சரியா என்று போகும் வரிகளுக்கு நடுவே, கத்தி வைக்கும் முன் கேட்கப்படும் ஒரு வரி விசித்திரமாகத் தெரியும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்களா என்று அது கேட்கிறது.

நோயாளி மேசை மேல் மயங்கிக் கிடக்கிறார். அந்த நேரத்தில் எதற்கு இந்த உபசாரம்? தில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைச் சோதித்தார்கள். 2009 ஜனவரியில் முடிவு வந்தது. அறுவைக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகவும் குறைந்திருந்தன. அது முழுப் பட்டியலுக்கும் சேர்த்துக் கிடைத்த பலன். பெயர் சொன்னதால் மட்டும் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதுபோன்ற பட்டியல்களைக் கொண்டுவந்தபோது இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமே தெரியவில்லை என்று 2014இல் இன்னொரு ஆய்வு சொன்னது. கடனே என்று படித்துப் பெட்டியில் டிக் போட்டால் பட்டியலும் ஒரு காகிதம்தான். ஆனாலும் அந்த வரியை வைத்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஒருவர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது, அந்தக் குழு வேலை செய்யத் தேவையான ஒரு பொருளைத் தருகிறார். அது என்ன பொருள் என்று புரிந்துவிட்டால், புது இடத்தில் முதல் நாள் நம்மைப் பிடித்து ஆட்டும் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். எவ்வளவு சொன்னால் தற்பெருமை? எவ்வளவு விட்டால் கூச்சம்?

அந்தப் பொருளைத் தெளிவாகப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர். நீண்ட நாள் சேர்ந்து வாழ்பவர்கள் நினைவைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று 1980களில் அவர் எழுதினார். வீட்டில் கேஸ் புக் எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பத்திரம் எந்தப் பீரோவில் என்று அம்மாவுக்குத் தெரியாது. யாரைக் கேட்க வேண்டும் என்று தெரியும். ‘யாருக்கு என்ன தெரியும்’ என்ற இந்த அட்டவணை எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் குடும்பம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. வேலைக் குழுக்களும் அப்படித்தான்.

இதைச் சோதிக்க லியாங், மோர்லாண்ட், ஆர்கோட் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாணவர்களை மூன்று மூன்று பேராக வைத்து ரேடியோ பூட்டச் சொன்னார்கள். சர்க்யூட் பலகை, அதில் செருக வேண்டிய சின்னச் சின்னப் பாகங்கள், இணைக்க வேண்டிய கம்பிகள். சில குழுக்களில் மூவரும் சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள். வேறு சிலவற்றில் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கற்றுக்கொண்டு, பிறகுதான் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பூட்டச் சொன்னபோது, சேர்ந்து பழகியவர்கள் செய்த பிழைகள் குறைவு. 1995இல் வந்த முடிவு இது. சேர்ந்து பழகினால் பாசமும் ஊக்கமும் வளரும், அதனால் இருக்கலாம் என்று யாரும் நினைப்பார்கள்.

2000இல் மோர்லாண்டும் மயாஸ்கோவ்ஸ்கியும் செய்த அடுத்த சோதனைதான் என்னை உட்கார வைத்தது. இந்த முறை மூன்றாவதாக ஒரு வகைக் குழுவையும் சேர்த்தார்கள். அதில் இருந்தவர்களும் தனித்தனியாகத்தான் பயிற்சி எடுத்தார்கள். சேர்ந்து பழகவே இல்லை. ஆனால் வேலை தொடங்கும் முன், மற்ற இருவரும் இந்த வேலையின் எந்தப் பகுதியில் எப்படி என்று எழுதிய தாள் ஒவ்வொருவர் கைக்கும் வந்தது. அவ்வளவுதான். அந்தத் தாள் கிடைத்தவர்கள், சேர்ந்தே பயின்றவர்களுக்கு இணையாக ரேடியோவைப் பூட்டினார்கள். ஒன்றாகப் பழகிய நேரத்துக்கு ஈடாக ஒரே ஒரு தாள் நின்றது.

முதல் நாள் நாம் வாய் திறந்து சொல்லும் நான்கு வரிதான் அந்தத் தாள். கேட்பவர் மனதில் இருக்கும் அட்டவணையில் நம் பெயருக்கு எதிரே ஒரு வரி எழுதுகிறோம். எழுதுவது சரியாக இருக்க வேண்டும். அதிகமாகவும் கூடாது, குறைவாகவும் கூடாது. அடக்கமாக எழுதிய தப்பான வரியும் தப்பான வரிதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்ப்போம். ஒரு நர்ஸ். ஆறு வருடம் எலும்பு அறுவை சிகிச்சைத் தியேட்டரில் வேலை பார்த்தவர். இன்று வேறொரு மருத்துவமனையின் பொது அறுவைத் தியேட்டரில் சேர்கிறார். காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு, “உங்களைப் பத்திச் சொல்லுங்க சிஸ்டர்” என்கிறார்.

அவர் இப்படிச் சொல்லலாம்: “எனக்கு ஆறு வருஷ அனுபவம். எவ்வளவு பெரிய கேஸா இருந்தாலும் சமாளிச்சிடுவேன். அங்க டாக்டர்ஸ் எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க.” பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் கேட்பவர் முகம் சுருங்கும். ஏன் என்று யோசித்தால், இந்த மூன்று வாக்கியங்களில் கேட்பவர் பயன்படுத்திக்கொள்ள எதுவும் இல்லை. அவரை மற்றவர்களோடு ஒப்பிட்டு மேலே வைப்பது மட்டும்தான் நடக்கிறது. தன் சாதனையைச் சொல்கிறவர், கேட்பவர் தனக்காக மகிழ்வார் என்று கூடுதலாகவே எதிர்பார்க்கிறார், எரிச்சல்படுவார் என்பதைக் குறைத்தே கணிக்கிறார் என்று 2015இல் ஸ்கோபெல்லிட்டியும் உடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். பெருமை பேசுகிறவருக்கு அது பெருமையாகக் காதில் விழாததற்குக் காரணம் இதுதான்.

சரி, பெருமையைப் பணிவில் சுற்றிக் கொடுத்தால்? “வேலையை அரைகுறையா விட்டுட்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசே வராது சிஸ்டர், அதுதான் என் குறை.” இது இன்னும் மோசம். இப்படிக் குறைபோலச் சொல்லி நிறையைக் காட்டுவதை, நேராகப் பெருமை பேசுவதைவிடவும் மனிதர்கள் வெறுக்கிறார்கள் என்று செசர், ஜினோ, நார்ட்டன் ஆகியோர் 2018இல் கண்டார்கள். காரணம், அதில் உண்மை இல்லை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

நம் ஊரில் அதிகம் கேட்பது வேறொன்று. “நான் புதுசு சிஸ்டர். பெருசா ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லித் தரணும்.” கேட்க இதமாக இருக்கிறது, நம்மை வளர்த்தவர்கள் பாராட்டக்கூடிய பதில். ஆனால் அட்டவணையில் இது என்ன எழுதிவிட்டது பாருங்கள். மறுவாரம் விபத்தில் கால் முறிந்த ஒருவர் வருகிறார். பிளேட், ஸ்க்ரூ செட்டைப் பிரித்து வரிசையாக அடுக்க ஆள் தேவை. ஆறு வருடம் அதையே செய்தவர் வெளியே துணி மடித்துக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. ‘ஒன்றும் தெரியாது’ என்பது எல்லாவற்றுக்கும் பொருந்துவதால், உண்மையிலேயே தெரியாத இடம் எது என்பதும் மறைந்துபோகிறது. எனக்கு இந்தப் பதில்தான் மூன்றிலும் அதிகக் கவலை தருகிறது. பெருமை பேசுவதையாவது மற்றவர்கள் கழித்துக்கொண்டு கேட்பார்கள். இதை அப்படியே நம்பிவிடுவார்கள்.

அவர் சொல்லக்கூடியது இது. முதலில் பெயரைச் சொல்லி ஒரு மூச்சு நிறுத்தம். பிறகு: “இன்னையிலிருந்து இந்தத் தியேட்டர்ல ஸ்க்ரப் நர்ஸா சேர்ந்திருக்கேன். இதுக்கு முன்ன ஆறு வருஷம் ஆர்த்தோ தியேட்டர். பிளேட், ஸ்க்ரூ செட் அடுக்குறது, சி-ஆர்ம் வெச்சு நடக்குற கேஸ், இதெல்லாம் தினமும் பண்ணது. ஆள் தேவைப்பட்டா என்னைக் கூப்பிடுங்க. லேப்ராஸ்கோப்பிக்கு உதவிக்கு நின்னிருக்கேன், தனியா ஸ்க்ரப் ஆனதில்ல. முதல் சில கேஸ் யார் கூடவாவது நிக்கணும் சிஸ்டர்.”

அரை நிமிடம்கூட ஆகாது. இதில் ‘நன்றாக’, ‘சிறப்பாக’ என்ற சொல் ஒன்றும் இல்லை; செய்தது என்ன என்பது மட்டும் இருக்கிறது. ஆறு வருடம் என்பது பெருமையாக ஒலிக்காததற்குக் காரணம், அதன் பின்னாலேயே ‘கூப்பிடுங்க’ வந்துவிடுகிறது. தெரியாதது கூச்சமாக ஒலிக்காததற்குக் காரணம், அதற்குப் பெயரும் எல்லையும் இருக்கின்றன. கேட்டு முடித்த ஒருவரால் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்ல முடிய வேண்டும்: இவரை எதற்குக் கூப்பிடலாம், எதில் தனியாக விடக் கூடாது. முடிந்தால் அறிமுகம் முடிந்தது.

ஊர் எது என்று சொல்ல வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பிரியமாக ஊர் கேட்பவர்கள் நிறைய உண்டு. “ஊரு எது, அதுல எந்தத் தெரு” என்று சாதியைத் தேடிக் கேட்பவர்களும் உண்டு. வேலைக்கான அட்டவணையில் அதற்கு இடமே கிடையாது. அந்தப் பதிலை யாருக்கும் தர வேண்டியதில்லை.

பேசும்போது குரல் நடுங்கினால்? நடுக்கம் நமக்கு உள்ளே தெரிகிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. சாவிட்ஸ்கியும் கிலோவிச்சும் 2003இல் மாணவர்களைச் சிறு உரை ஆற்றச் சொன்னார்கள். சிலரிடம், உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரியாது என்று முன்பே விளக்கிச் சொன்னார்கள். அதைத் தெரிந்துகொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்று கேட்டவர்களே மதிப்பிட்டார்கள். பதறாதே என்று வெறுமனே ஆறுதல் சொல்லப்பட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

வட்டமாக நின்று ஒவ்வொருவராகச் சொல்லும் முறையில் வேறொரு கோளாறு இருக்கிறது. மால்கம் பிரென்னர் 1973இல் ஒரு மேசையைச் சுற்றிப் பலரை உட்கார வைத்து, ஆளுக்கொரு சொல்லாக வாசிக்கச் சொன்னார். தன் முறை வருவதற்கு முந்தைய சுமார் 9 விநாடிகளில் கேட்ட சொற்களே ஒவ்வொருவருக்கும் அதிகம் நழுவிப்போயிருந்தன. என்ன சொல்லலாம் என்று ஒத்திகை பார்க்கும் மனம் காதை மூடிவிடுகிறது. ஆகவே நமக்கு அடுத்து நிற்பவர் நாம் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார். நமக்கு முன்னால் சொன்னவரின் பெயர் நமக்கும் நினைவிருக்காது. வட்டம் கலைந்ததும் அந்த இருவரிடமும் போய், “நீங்க சொன்னப்ப சரியா காதுல விழல, பேரு என்ன சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டால் நம் பெயரையும் இன்னொரு முறை சொல்லிவிடலாம்.

எழுதிய வரி சரியாக விழுந்ததா என்பது அடுத்த இரண்டு வாரத்தில் தெரியும். எலும்பு கேஸ் வரும்போது தேடி வருகிறார்களா, லேப்ராஸ்கோப்பிக்குத் துணை தருகிறார்களா என்று பார்க்கலாம். தெரிந்த வேலைக்கு நம்மைத் தாண்டிப் போனால், வரி மங்கலாக விழுந்திருக்கிறது. தெரியாத வேலைக்குத் தனியாக அனுப்பினால் அதிகமாக விழுந்திருக்கிறது. அப்போது சொல்லித் திருத்திக்கொள்ளலாம். பெயரோ எளிதில் நழுவும். தொழிலை நினைவில் வைப்பதைவிடப் பெயரை நினைவில் வைப்பது கடினம் என்று 1987இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தியேட்டரில் முகமும் பாதி மறைந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் மயக்க மருந்து மருத்துவரான ராப் ஹாக்கெட் அதற்கு ஒரு வழி செய்தார். தலையில் கட்டும் துணித் தொப்பியின் நெற்றியில் தன் பெயரையும் பொறுப்பையும் பேனாவால் எழுதிக்கொண்டு தியேட்டருக்குள் போனார். பிறகு வேறு நாட்டுத் தியேட்டர்களிலும் எழுதத் தொடங்கினார்கள்.